வெண்ணாறு அறிக்கையின் படங்களுக்கு மாற்று உரை: செய்து பார்த்த குறிப்பு

மன்னார்குடி பக்கத்து விவசாயிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து, வெண்ணாற்றுக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலை குறித்து ஓர் அறிக்கை தயாரித்தோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதற்காக. குழுவில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், பார்வையற்றவர். மடிக்கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானை வைத்துத்தான் எல்லாம் படிப்பார். நான் கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அது அவருக்கு வாசித்துக்கொண்டிருக்கும். வரைவை அவருக்கு அனுப்பியபோது எழுத்துப் பகுதியில் ஏகப்பட்ட திருத்தம் சொன்னார். படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "படம்னு சொல்லுது தம்பி, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை" என்றார். அறிக்கையின் பாதி வாதம் அந்தப் படங்களில்தான் இருந்தது. அதனால் வேர்டு கோப்பில் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரை வாசிப்பான் வாசிக்கும் விளக்கம், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் எது உதவியது, எது உதவவில்லை என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கருவிகளுக்குச் செலவு எதுவும் இல்லை. வேர்டு ஏற்கெனவே இருந்தது. என்விடிஏ இலவசம், அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். கண் பார்வை உள்ளவர்கள் சோதிக்கும்போது என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் உள்ள `Speech viewer` பெரிய உதவி. பேசுவதையெல்லாம் ஒரு சன்னலில் எழுத்தாகவும் காட்டும். காதால் பின்தொடர முடியாத எனக்கு அதுதான் துணை.

முதலில், கோப்பில் ஏற்கெனவே என்ன மாற்று உரை இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வேர்டில் படத்தின் மேல் வலது சொடுக்கு போட்டு `View Alt Text` எடுத்தால் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும். ஒவ்வொரு படமாக அப்படித் திறந்து பார்ப்பது சலிப்பான வேலை. docx கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் மாற்று உரை `descr` என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர் இந்த ஒற்றை வரியால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எடுத்துக் கொடுத்தார்:

```
unzip -p arikkai.docx word/document.xml | grep -o '<wp:docPr [^>]*>'
```

படத்துக்கு ஒரு வரி. பாதிக்கு மேல் `descr` இல்லாமல் வெறுமை. பழைய கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டிய புகைப்படங்களில் கேமரா கொடுத்த கோப்புப் பெயர் மாற்று உரையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வேர்டின் `Check Accessibility` வெறுமையாக இருப்பதைச் சுட்டிக்காட்டும். ஆனால் ஏதோ ஓர் உரை இருந்தால் அதன் பொருளை எடைபோடாது. அதனால் பட்டியலைக் கண்ணால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசிவரை இதே வரியைத்தான் மறுபடி மறுபடி ஓட்டினோம். எழுத்துப் பிழை பார்க்கவும் அதுவே வசதி.

இனி, நேரம் அதிகம் பிடித்த படத்துக்கு வருகிறேன். அறிக்கையின் படம் 3, மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்ட தேதிகள் பற்றிய பட்டை வரைபடம். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அந்த நாளைச் சுழியமாக வைத்து, 2011 முதல் 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் எத்தனை நாள் முன்னால் அல்லது பின்னால் திறந்தார்கள் என்று காட்டும் பட்டைகள். தாமதம் மேல்நோக்கிச் சிவப்பில், முன்கூட்டித் திறந்தது கீழ்நோக்கிப் பச்சையில்.

வரைந்தவர் முதலில் எழுதித் தந்த மாற்று உரை இப்படி இருந்தது: "மேட்டூர் அணை திறப்பு குறித்த பட்டை வரைபடம். கிடை அச்சில் ஆண்டுகளும் நெடு அச்சில் நாள்களும் குறிக்கப்பட்டுள்ளன. தாமதமான ஆண்டுகள் சிவப்பிலும் மற்றவை பச்சையிலும் காட்டப்பட்டுள்ளன." இலக்கணப்படி குறை சொல்ல எதுவுமில்லை. வேர்டும் பச்சைக்கொடி காட்டிவிட்டது. ஆசிரியர் கேட்டுவிட்டு, "சரி, எந்த வருஷம் தாமதம்?" என்றார். அதற்குப் பதில் அந்த மூன்று வாக்கியத்திலும் இல்லை.

அடுத்த வடிவத்தில் எதிர்த் திசைக்குப் போனோம். பதினைந்து ஆண்டுகளின் தேதிகளையும் வரிசையாகப் பெட்டிக்குள் கொட்டினோம். எல்லாத் தகவலும் உள்ளே இருந்தது, ஆனாலும் பயனில்லை. மாற்று உரைப் பெட்டி வெறும் எழுத்து மட்டுமே ஏற்கும். அதற்குள் பட்டியலோ அட்டவணையோ உள்தலைப்போ வைக்க முடியாது. என்விடிஏ அதை வேர்டில் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறது. நடுவில் 2016 எத்தனை நாள் என்பதைத் தவறவிட்டால், மறுபடி 2011-இலிருந்து கேட்க வேண்டும். எட்டாவது எண்ணுக்குள் முதல் எண் மறந்துவிடுகிறது என்றார் ஆசிரியர். பார்ப்பவருக்கு அந்த வரைபடம் ஒரு நொடியில் சொல்லும் விஷயம், நடுவில் சிவப்புப் பட்டைகள் தொடர்ந்து நிற்பது, இந்த வடிவத்தில் காணாமலே போய்விட்டது.

அப்போதுதான் வேலையை இரண்டாகப் பிரித்தோம். வரைபடம் எதைச் சொல்வதற்காக அறிக்கையில் இருக்கிறதோ அது மாற்று உரைக்கு. எண்கள் முழுவதும் வரைபடத்துக்கு அடுத்து, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் உண்மையான அட்டவணைக்கு. மாற்று உரை கடைசியில் இப்படி நின்றது:

"பட்டை வரைபடம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் மேட்டூர் அணை தாமதமாகவே திறந்தது. தாமதம் ஜூன் 12 ஆம் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது. அதிகத் தாமதம் 2017 ஆம் ஆண்டு, 112 நாள். அந்த எட்டில் குறைந்த தாமதம் 2018 ஆம் ஆண்டு, 37 நாள். 2020 முதல் 2025 வரை தாமதமான ஆண்டு 2024 மட்டும், 46 நாள். எல்லா ஆண்டுகளின் தேதியும் அட்டவணை 2 இல்."

"ஜூன் 12 ஆம் தேதியிலிருந்து" என்ற வாக்கியம் ஆசிரியர் கேட்ட கேள்வியால் வந்தது. "தாமதம்னா எதிலேர்ந்து?" என்றார். வரைபடத்தில் சுழியக் கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஜூன் 12 என்று எழுதியிருந்தது. பார்ப்பவர்கள் அதை உணராமலே படித்துவிடுகிறோம்.

வாக்கியங்கள் துண்டு துண்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அறிக்கைத் தமிழில் நாம் வழக்கமாக "2012 முதல் 2019 வரையிலான காலத்தில் வழக்கமான நாளான ஜூன் 12-ஐ விட 37 முதல் 112 நாள்கள் வரை தாமதமாகத் திறக்கப்பட்டுள்ளது" என்று எழுதுவோம். வினை கடைசியில் வருகிறது. கண்ணால் படிப்பவர் ஒரு பார்வையில் வாக்கியத்தின் இறுதிக்குப் போய்த் திரும்புவார். கேட்பவர் "தாமதமாக" என்ற சொல் வரும்வரை ஐந்து எண்களைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, முக்கியமான செய்தி முதலில் என்று வைத்துக்கொண்டோம்.

எண்களை எழுதும் விதத்தையும் கேட்டுப் பார்த்தே முடிவு செய்தோம். 12.06.2020 என்று புள்ளி வைத்த தேதி காதில் விழும்போது தேதியாகவே தெரிவதில்லை, மாதப் பெயர் எழுதினால் சிக்கல் இல்லை. 2012-19 என்ற கோட்டை நம்ப முடியாது, "2012 முதல் 2019 வரை" என்றே எழுத வேண்டும். க.அ., டி.எம்.சி. போன்ற சுருக்கங்களைக் குரலுக்குக் குரல் ஒவ்வொரு மாதிரி வாசிக்கிறது. கன அடி என்று விரித்தே எழுதினோம், டிஎம்சியைப் புள்ளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதினோம்.

அட்டவணை 2 மூன்றே நெடுவரிசை: ஆண்டு, திறந்த தேதி, ஜூன் 12-லிருந்து வேறுபாடு. அதில் 2017 வரியில் அக்டோபர் 2, 112 நாள் தாமதம். 2022 வரியில் மே 24, 19 நாள் முன்னதாக. முன்னதாகத் திறந்ததற்குக் கழித்தல் குறி போடாமல் "முன்னதாக" என்று சொல்லாகவே எழுதினோம், ஏனென்றால் குறியை வாசிக்காமல் விட்டுவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். அட்டவணையின் முதல் வரிக்கு `Repeat Header Rows` கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் பிடிஎஃப் ஆக்கும்போது அது தலைப்பு வரியாகக் குறிக்கப்படும், கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது எந்த நெடுவரிசை என்று திரை வாசிப்பான் சொல்லும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசைகளால் ஆசிரியர் நேரே 2016-க்குப் போய் "செப்டம்பர் 20, 100 நாள்" என்று படித்தபோது, முந்தைய வடிவத்தின் சிக்கல் தீர்ந்தது உறுதியாயிற்று. அந்த அட்டவணை பார்வையுள்ளவர்களுக்கும் பயன்பட்டது. கூட்டத்தில் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் புரட்டினார்கள்.

படத் தலைப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயம். "படம் 3: மேட்டூர் அணை திறப்பு, 2011 முதல் 2025 வரை" என்ற தலைப்பை வழக்கம்போலப் படத்துக்குக் கீழே வைத்திருந்தோம். திரை வாசிப்பான் மேலிருந்து கீழே போகும். எந்தப் படம் என்று தெரியும் முன்பே மாற்று உரை ஓடிவிடுகிறது. அறிக்கை முழுவதும் தலைப்பைப் படத்துக்கு மேலே மாற்றினோம். தலைப்பில் உள்ளதை மாற்று உரையில் திரும்பச் சொல்வதையும் நிறுத்தினோம், இல்லாவிட்டால் ஒரே செய்தி இரண்டு தடவை காதில் விழும். உடல் எழுத்தில் "சிவப்பில் காட்டப்பட்ட ஆண்டுகளில்", "மேலே உள்ள படத்தில்" என்று இருந்த இடங்களையெல்லாம் தேடி, ஆண்டையும் பட எண்ணையும் எழுதினோம்.

இன்னொரு பெரிய தலைவலி படம் 1. ஆறுகள் பிரியும் விளக்கப்படம். இதை யாரோ வேர்டிலேயே பெட்டிகளும் அம்புகளும் போட்டு வரைந்திருந்தார்கள். என்விடிஏ அதன் மேல் வந்தபோது சில பெட்டிகள் தனித்தனியாக, வரிசை இல்லாமல் பேசின, சில பேசவே இல்லை. எந்த அம்பு எங்கே போகிறது என்பது அறவே இல்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஒரே படமாக ஒட்டி, `In Line with Text` என்று வைத்தோம். மிதக்கும் படங்களைத் திரை வாசிப்பான் தாண்டிப் போய்விடும் வாய்ப்பு உண்டு. வரிக்குள் வைத்தால் அது இருக்கும் இடத்திலேயே வாசிக்கப்படும்.

ஆனால் கிளைபிரியும் படத்தை ஒற்றை மாற்று உரைக்குள் அடக்க முடியவில்லை. அதைப் படத்துக்கு அடுத்து எண்ணிட்ட பட்டியலாக எழுதினோம். பட்டியலின் எண்ணே கிளையின் இடத்தைச் சொல்லும்.

1. கல்லணையில் நீர் நான்காகப் பிரிகிறது.
1.1 காவிரி.
1.2 வெண்ணாறு.
1.3 கல்லணைக் கால்வாய்.
1.4 கொள்ளிடம்.

அடுத்து 1.2-இன் கீழ் தென்பெரம்பூர், அங்கே வெட்டாறு பிரிகிறது. அதற்கும் கீழே நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்ற நீர் பிரிக்கும் இடம், அங்கே கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இங்கே எதிர்பாராத ஒரு குழப்பம் வந்தது. பிரிந்த பிறகும் ஒரு கிளைக்கு வெண்ணாறு என்றே பெயர். படத்தில் தடித்த கோடு தொடர்ந்து போவதால் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை. பட்டியலில் மூன்று மட்டத்திலும் "வெண்ணாறு" வந்தபோது, "எந்த வெண்ணாறு?" என்று ஆசிரியர் நிறுத்திவிட்டார். அவர் ஊர்க்காரர், ஆறு தெரிந்தவர், அவருக்கே அப்படி. "தென்பெரம்பூருக்குக் கீழே தொடரும் வெண்ணாறு", "மூணாறு தலைப்புக்குக் கீழே தொடரும் வெண்ணாறு" என்று எழுதியபின் சரியாயிற்று. படத்தின் மாற்று உரை இரண்டே வாக்கியம்: "கல்லணையிலிருந்து கடைமடை வரை ஆறுகள் பிரியும் விளக்கப்படம். கிளைகளின் முழு வரிசை அடுத்துள்ள பட்டியலில்."

புகைப்படங்கள் சுலபம். ஆகாயத்தாமரை அடைத்த மதகின் படத்துக்கு, அடைப்பு எங்கே, எவ்வளவு என்பதைச் சொன்னால் போதும். வானம், மரம் எல்லாம் வேண்டாம். அட்டையிலும் பக்க ஓரங்களிலும் இருந்த நெல் கதிர் அலங்காரங்களுக்கு `Mark as decorative`.

வட்ட வரைபடம் ஒன்றை எடுத்தே விட்டோம். கிளை வாய்க்கால்களில் தூர் வாரியவை, வாராதவை என்று இரண்டே துண்டு. மாற்று உரை எழுத உட்கார்ந்தால், பக்கத்திலேயே உடல் எழுத்தில் இருந்த வாக்கியம்தான் மறுபடி வந்தது. அந்தப் படத்தால் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை. வரைந்தவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

எழுத்துருவில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. ஓர் அத்தியாயத்தை அனுப்பியவர் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். திரையில் அழகாகத் "தண்ணீர்" என்று தெரியும், உள்ளே இருப்பதோ `jz;zPh;`. திரை வாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும், ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளியையும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம். எக்செலிலிருந்து படமாக்காமல் திருத்தக்கூடிய வடிவிலேயே ஒட்டிய வரைபடங்களின் அச்சுப் பெயர்களிலும் பாமினி ஒளிந்திருந்தது. அதை எழுத்துருப் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். யூனிகோடாக்கியபின் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து `Set Proofing Language` வழியாக மொழியைத் தமிழ் என்று குறித்தோம். கேட்பவரிடம் தமிழ்க் குரல் இல்லாவிட்டால் இதனால் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் குரல்கள் சில தமிழ் எழுத்தை அப்படியே விழுங்கிவிடும், படத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்று தோன்றும்.

பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் கட்டளை வழியாகப் போகக் கூடாது. அப்படிப் போனால் மாற்று உரை, தலைப்பு, அட்டவணை அமைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். `Save As` எடுத்து, பிடிஎஃப் தேர்ந்து, `Options` உள்ளே `Document structure tags for accessibility` டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். அப்புறம் அந்தப் பிடிஎஃப்பை என்விடிஏவில் திறந்து `G` விசையை அழுத்தினால் படத்திலிருந்து படத்துக்குத் தாவும். அச்சுப் பிரதிக்கான பக்க வடிவமைப்பை ஒரு டிடிபி கடையில் கொடுத்திருந்தோம். அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் `G` அழுத்தினால் எந்தப் படத்துக்கும் போகவில்லை. அது அச்சுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, மின்பிரதியை வேர்டிலிருந்தே எடுத்தோம்.

கடைசிக் கட்டத்தில் இவ்வளவு வேலையும் வீணாகப் பார்த்தது. உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்ட பிரதியை முழுசாக ஸ்கேன் செய்து, அதையே மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். ஸ்கேன் செய்தால் எழுத்து உட்பட மொத்த அறிக்கையும் படமாகிவிடும். கையெழுத்துப் பக்கம் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து, வேர்டு கோப்பின் இறுதியில் படமாகச் சேர்த்து, "குழு உறுப்பினர்களின் கையெழுத்துகள்" என்ற மாற்று உரையும், பெயர்ப் பட்டியலைக் கீழே எழுத்தாகவும் வைத்தோம். அலுவலகத்தில் அதை மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த அறிக்கைக்கு ஒன்று மாற்றப் போகிறோம். படத்தை அனுப்புபவரே கூடவே இரண்டு பொருள் அனுப்ப வேண்டும்: இந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியம், வரைபடமானால் அதன் எண்கள் எக்செலில். இந்த முறை படங்களின் பொருளை எடுத்தவர்களிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதியதில்தான் பாதி நேரம் போனது. மதகுப் படம் ஒன்று எந்த வாய்க்காலுடையது என்று எடுத்தவருக்கே நினைவில்லை. அதை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.